நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்த கொண்டை

"டொக்டர், என் மகளின் பேட்டுக்கோழி செம்பி 9 முட்டையில் அடைக்கு இருந்தாள். 16 நாள் ஒழுங்காக இருந்தவள், இரண்டு இரவாகக் கடகத்துக்குள் போக மாட்டேன் என்கிறாள். கூட்டுக்கு வெளியே உடம்பை உப்பிக்கொண்டு நிற்கிறாள். கொண்டை நீலமாகிவிட்டது, ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா இது ராணிக்கெட், மற்றக் கோழிகளுக்கும் பரவ முதல் அறுத்துவிடு என்கிறார். மகள் சாப்பிடாமல் அழுகிறாள். 4 படம் அனுப்பியிருக்கிறேன். அறுக்கத்தான் வேணுமா?"
– கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய்

தங்கச்சி, அறுக்க வேண்டாம். மகளிடம் இதை முதலில் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். செம்பிக்கு இருப்பது ராணிக்கெட் மாதிரித் தெரியவில்லை. அவளுக்கு இரத்தம் குறைந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் அந்தக் கடகத்துக்குள்ளும் கூட்டுப் பலகைக்குள்ளும்தான் இருக்கிறது. அதை இன்றிரவே நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்று பிறகு சொல்கிறேன்.

உங்களைப் பயப்படுத்திய முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். அது கூட்டுக்கு மேல் கட்டிய நீலத் தறப்பாளின் கீழே எடுத்தது. கொண்டை கத்தரிக்காய் நிறத்தில் தெரிகிறது, உண்மைதான். ஆனால் அதே படத்தின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு கிடக்கிறது, அதைப் பாருங்கள். அந்தச் சாக்கும் நீலமாகத்தான் இருக்கிறது. செம்பியின் மஞ்சள் கால் பச்சை பாய்ந்து தெரிகிறது. வெயில் தறப்பாளுக்கூடாக இறங்கும்போது கீழே இருக்கிற எல்லாவற்றிலும் நீலத்தைப் பூசிவிடும். சிவப்பின் மேல் நீலம் விழுந்தால் ஊதா. அதனால் அந்தப் படத்தை வைத்துக் கொண்டையின் நிறத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. மாமரத்துக்குக் கீழே எடுத்தால் இலைப்பச்சை ஏறும், மாலை வெயிலில் எடுத்தால் செத்த கொண்டையும் சிவப்பாகத் தெரியும். கோழியின் படம் எது வந்தாலும் நான் முதலில் தேடுவது கோழியை அல்ல. படத்தில் வெள்ளையான பொருள் ஏதும் இருக்கிறதா, அது வெள்ளையாகத்தான் தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

உண்மையிலேயே கொண்டை ஊதாவாகவோ கருநீலமாகவோ போவது பெரிய விசயம். இரத்தத்தில் ஒட்சிசன் போதவில்லை, அல்லது இரத்தம் ஒழுங்காக ஓடவில்லை என்பது அதன் பொருள். அப்படிப்பட்ட கோழி இரண்டு நாள் முற்றத்தில் நின்றுகொண்டு உங்களுக்குப் படம் எடுக்க இடம் கொடுக்காது. ராணிக்கெட் என்றால் கழுத்து முறுகும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கும், கால் செட்டை விழும், பக்கத்தில் நிற்கிற கோழிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோரும். உங்கள் மற்ற 4 கோழிகளும் பின்னால் நன்றாகக் கிண்டிக்கொண்டு நிற்கின்றன. மாமா பயந்ததில் பிழை இல்லை, ராணிக்கெட்டில் முழுக் கூட்டையும் இழந்தவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேர். ஆனால் இந்தப் படங்களில் அது இல்லை.

இனி இரண்டாவது படம். கிணற்றடியில், காலையில், திறந்த வெளியில் எடுத்தது. கிணற்றுக் கட்டின் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது, ஆகவே இந்தப் படத்தை நம்பலாம். இதில் கொண்டை நீலமே இல்லை. வெளிறிய இளஞ்சிவப்பு. இந்த இடத்தில் அவசரப்பட்டு 'வெளிறிவிட்டது, நோய்' என்று நானும் சொல்லிவிடக் கூடாது. ஏனென்றால் அடைக்கு இருக்கிற எந்தக் கோழிக்கும் கொண்டை வெளிறத்தான் செய்யும். முட்டையிடுகிற காலத்தில் கொண்டை பெருத்து, தடித்து, செவ்வரத்தம்பூ மாதிரி இருக்கும். முட்டை விடும் ஓமோன்கள்தான் அதை அப்படி வைத்திருக்கின்றன. அடைக்கு இருந்தால் அவை குறையும், கொண்டை சுருங்கும், நிறமும் மங்கும். அதோடு அவள் நாளுக்கு ஒரு தடவை இறங்கிக் கொஞ்ச நேரம் மட்டுமே தின்கிறாள். இறகு உதிர்க்கிற காலத்திலும் இதே கதைதான்.

அப்படியானால் இது சும்மா அடைக்கோழி வெளிறலா, இரத்தம் குறைந்த வெளிறலா? கொண்டையை மட்டும் பார்த்தால் பிரித்துச் சொல்வது கடினம். முகத்தைப் பார்க்க வேண்டும். அடைக்கோழிக்குக் கொண்டை சிறுத்து உலர்ந்து போனாலும், கண்ணைச் சுற்றிய முகத்தோலில் சிவப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும், வாய்க்குள்ளும் ரோசா நிறம் இருக்கும். இரத்தம் குறைந்த கோழிக்கு முகத்தோலும் சேர்ந்து வெளுக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே உள்ள தோல் பழைய மெழுகுதிரி மாதிரி இருக்கிறது. தாடியும் அப்படியே. வாய்க்குள்ளேயும் பார்த்துவிட்டால் உறுதியாகும். செம்பியை மடியில் வைத்து, ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கையின் பெருவிரலால் சொண்டின் ஓரத்தை மெல்லத் திறந்து, நாக்கின் கீழேயும் மேலண்ணத்தையும் பாருங்கள். பக்கத்தில் நல்ல கோழி ஒன்றின் வாயையும் அதே வெளிச்சத்தில் பாருங்கள், வித்தியாசம் சொல்லாமலே விளங்கும். (பிறப்பிலேயே கறுத்த முகமும் கறுத்த வாயும் உள்ள கோழிகளுக்கு இந்தச் சோதனை சரிவராது. அவற்றுக்குப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கலாம்.)

கண்ணில் விழுந்த வெள்ளை. இது மூன்றாவது படம், இரவில் பிளாஷ் போட்டு எடுத்தது. கோழிக்கு மேல் இமை, கீழ் இமை என்பவற்றைவிட உள்ளே இன்னொரு மெல்லிய இமையும் உண்டு. மூக்குப் பக்கத்திலிருந்து கண்ணின் குறுக்கே திரைபோல ஒரு நொடிக்குள் ஓடி மறையும். திடீரென்று வெளிச்சம் பட்டால் கட்டாயம் ஓடும். அது பாதி வழியில் இருக்கும்போது கமரா பிடித்துவிட்டால், கண்ணில் பால் ஊற்றிய மாதிரி ஒரு வெள்ளைப் படலம் தெரியும்.

இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே பிழையை நான் விட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் காட்டிய ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கண் போய்விட்டது என்று சொல்லி மருந்துத் துளி எழுதிக்கொடுத்தேன். அடுத்த கிழமை அவர் கோழியையே கொண்டுவந்தார். இரண்டு கண்ணும் கண்ணாடி மாதிரி இருந்தன. தேவையில்லாத மருந்தை ஒரு கிழமை அந்தக் கோழியின் கண்ணில் விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு படத்தை வைத்துக் கண்ணைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அடுத்தடுத்து 5 படம், அல்லது 10 விநாடி வீடியோ கேட்பேன். எல்லாவற்றிலும் வெள்ளை அதே இடத்தில் நின்றால்தான் அது கண்ணின் நோய்.

உங்கள் இரண்டாவது படத்தில், காலை வெளிச்சத்தில், அதே கண் தெளிவாகத்தான் இருக்கிறது. கண்மணி வட்டமாக இருக்கிறது, ஓரத்தில் நுரை இல்லை, கன்னம் வீங்கவில்லை. நுரையும் வீக்கமும் இருந்தால் சளிநோய்ப் பக்கம் யோசித்திருப்பேன். இங்கே ஒரேயொரு குறை, கண் முழுதாகத் திறக்கவில்லை. கீழ் இமை மேலே ஏறி, வட்டமாக இருக்க வேண்டிய கண் வாதுமைக் கொட்டை மாதிரி ஒடுங்கியிருக்கிறது. பட்டப்பகலில், கிணற்றடியில் மற்றக் கோழிகள் கிண்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு கோழியின் கண் அப்படி ஒடுங்கினால் அவளுக்கு உடம்பு ஏலாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது படம் மகள் விறாந்தையில் இருந்தபடி தூரத்தில் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலிலும் எனக்கு மிகவும் உதவியது அதுதான். படம் தெளிவில்லை, ஆனால் செம்பிக்குத் தன்னை யாரும் பார்ப்பது தெரியாது. கோழி தன் வருத்தத்தை மறைக்கிற பிராணி. சோர்ந்து காட்டினால் மற்றக் கோழி கொத்தும், கீரியும் பருந்தும் கவனிக்கும். ஆள் கிட்டப் போனவுடன் இறகைப் படியவைத்து, கழுத்தை நீட்டி, ஒன்றுமில்லாதது போல நிற்கும். கிட்டப்போய் எடுத்த முதல் இரண்டு படங்களிலும் செம்பி அப்படித்தான் நிற்கிறாள். மகளின் படத்தில் உண்மை தெரிகிறது. கழுத்து தோளுக்குள் போய்விட்டது, இறகெல்லாம் உப்பி உடம்பு பந்து மாதிரி இருக்கிறது, வால் கீழே சரிந்திருக்கிறது, செட்டை நுனி இரண்டும் தொங்குகின்றன.

உப்பி நிற்பதெல்லாம் நோய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அடைக்கோழி கடகத்துக்குள் உப்பி, பரந்து, கையை நீட்டினால் உறுமும், கொத்தவும் வரும். அது கோபம், நல்ல அடையாளம். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் சூடு தாங்காத கோழி செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, வாயைத் திறந்து மூச்சுவிடும். ஆனால் அதன் இறகு உப்பாது, உடம்போடு ஒட்டிப் படியும். கோழி இறகை உப்புவது உடம்புச் சூட்டைக் காப்பாற்ற. நீங்கள் சொன்னபடி அது பகல் 1 மணி, கச்சான் வெக்கை. அந்த வெக்கையிலும் ஒரு கோழி குளிரில் நிற்பது போல உப்பி நின்றால், அவளுக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள இரத்தமும் பலமும் போதவில்லை. வால் சரிந்ததைப் பார்த்து முட்டை அடைத்துவிட்டதோ என்றும் ஒரு கணம் யோசித்தேன். ஆனால் 16 நாள் அடையில் இருந்த கோழி முட்டையிடுவதில்லை. பின்பக்கம் முக்கி முக்கி அசைவதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் ஒரு வரி. "இரண்டு இரவாகக் கடகத்துக்குள் போக மாட்டேன் என்கிறாள்." நாலு படத்தையும்விட இந்த வரிதான் எனக்கு வழி காட்டியது. நல்ல அடைக்கோழி உயிரைக் கொடுத்தாலும் முட்டையை விட்டு எழும்பாது. பகலில் அல்லாமல் இரவில் எழும்பி வெளியே நிற்கிறது என்றால், இரவில் அங்கே அவளை ஏதோ தின்கிறது. முதல் படத்தை மறுபடி பாருங்கள். கூட்டின் பலகை இரண்டும் சேரும் மூலையில், ஆணிக்குப் பக்கத்தில், உப்பும் மிளகுத்தூளும் கலந்து தூவினது போல ஒரு சாம்பல் பொடி இருக்கிறது. நிறத்துக்கு உதவாத அந்தப் படம் இதைக் காட்டியிருக்கிறது. அது தூசி இல்லை என்று நினைக்கிறேன். கோழியின் இரத்தம் குடிக்கிற சிவப்பு உண்ணி விட்டுப்போகிற தோலும் கழிவும் அப்படித்தான் இருக்கும்.

இந்த உண்ணி கோழிப்பேன் போல உடம்பிலேயே குடியிருக்காது. பகலில் பலகை வெடிப்பிலும் கடகத்தின் பின்னலிலும் ஒளிந்திருக்கும். இருட்டினதும் ஏறி வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால்தான் பகலில் நீங்கள் இறகை விலக்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரவில் கூட்டுத்தடியில் ஏறி இருக்கிற கோழி கொஞ்சம் அங்கே இங்கே நகரலாம். அடைக்கோழி 16 இரவும் ஒரே இடத்தில் அசையாமல் இருந்து, அதுகளுக்குச் சாப்பாடு பரிமாறியிருக்கிறாள்.

இன்றிரவு 9 மணிக்கு மேல், நன்றாக இருட்டின பிறகு, டோர்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு கூட்டடிக்குப் போங்கள். துணியைக் கூட்டுத்தடியின் அடிப்பக்கத்திலும் பலகை மூலையிலும் அழுத்தித் தேய்த்து எடுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அது நசிந்த உண்ணியின் வயிற்றில் இருந்த செம்பியின் இரத்தம். கடகத்தின் விளிம்பில் டோர்ச் அடித்தால் கடுகைவிடச் சின்னதாக, சிவப்பும் கறுப்புமாக ஊருவதும் தெரியும்.

கண்டால் செய்ய வேண்டியது இது. அந்தக் கடகத்தையும் வைக்கோலையும் கூட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள், கழுவி எடுக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். முட்டைகளைப் பற்றி மகளிடம் பொய் சொல்லாதீர்கள். இரண்டு இரவு சூடில்லாமல் கிடந்த 16 நாள் முட்டை பொரிப்பது அரிது. கோழிகளை ஒரு கிழமைக்கு வேறு இடத்தில் அடையுங்கள், ஒரு பெரிய மரப்பெட்டி போதும். கூட்டைக் காலி செய்து, கொதிக்கிற தண்ணீரை ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் தடியின் முனைகளிலும் ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த பிறகு சுண்ணாம்பு கரைத்துத் தடிப்பாக அடியுங்கள். இதை ஒரு தடவையோடு விட்டால் பிரயோசனம் இல்லை. உண்ணியின் முட்டைகள் தப்பியிருக்கும், நமது வெக்கைக்கு 7 முதல் 10 நாளில் அவை பெரிய உண்ணியாகிவிடும். அதனால் 7ஆம் நாளும் 14ஆம் நாளும் திரும்பச் செய்யுங்கள். கூட்டை வெறுமனே பூட்டி வைத்தால் பசியில் செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். சாப்பாடு இல்லாமல் பல மாதம் அவை தாக்குப்பிடிக்கும்.

கோழிகள் குளிக்க ஒரு பழைய தாச்சியில் அரித்த அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தை மட்டும் கூட்டுக்கோ கோழிக்கோ கிட்டக் கொண்டுபோகாதீர்கள். படுவான்கரைப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும், கை தானாகப் போகும். இரத்தம் குறைந்த கோழி அதைத் தாங்காது. மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும். கோழியின் உடம்புக்கு மருந்து வேண்டுமென்றால், அவளை நிறுத்து நிறையை எழுதிக்கொண்டு உங்கள் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். நிறைக்கு ஏற்ற அளவை அவர்கள் தருவார்கள். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்றும் மறக்காமல் கேளுங்கள்.

செம்பிக்குத் தீன்: தவிட்டோடு அவித்த முட்டை ஒன்றை மசித்து, முருங்கையிலை பொடியாக அரிந்து குழைத்து, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. சின்ன மீன் கிடைத்தால் உப்பில்லாமல் அவித்துப் போடலாம். சத்து என்று கருவாட்டுத்தூள் போடாதீர்கள், அந்த உப்பு கோழிக்கு நஞ்சு. இரண்டு நாளைக்கு அவளைத் தனியாக, மற்றவை கொத்தாத இடத்தில் வையுங்கள்.

துணியில் சிவப்பு விழாவிட்டால் நான் சொன்னது பிழை. அப்போது குடல் பக்கம் பார்க்க வேண்டும். காலையில் அவள் நின்ற இடத்து எச்சத்தில் இரத்தமோ புழுவோ இருக்கிறதா என்று பாருங்கள், புதிய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். வாய்க்குள் முழுவதும் வெள்ளையாக இருந்தாலோ, அவள் நிற்க முடியாமல் படுத்துவிட்டாலோ, துணிச் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே கோழியைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தாலோ, முகம் வீங்கி உண்மையாகவே ஊதாவானாலோ, செத்ததைக் கையால் தொடாமல், அறுக்காமல், அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.

கொண்டை நாளைக்கே சிவக்காது. கோழியின் செங்குருதிக் கலம் ஏறக்குறைய ஒரு மாதமே வாழும், உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். உண்ணி நின்றுவிட்டால் 2 கிழமையில் முகத்தோலில் சிவப்புத் திரும்பும், கொண்டை அதற்குப் பிந்தித்தான் வரும். முட்டையிடத் தொடங்கும்போதுதான் பழைய நிறம் முழுதாக வரும். அதற்கு முன்னே கண் வட்டமாகத் திறக்கும், வால் நிமிரும். அதை 4, 5 நாளிலேயே மகள் காண்பாள்.

சரி, எனக்கு அடுத்த படம் வேண்டும். 7ஆம் நாள் காலை 8 மணி அளவில், தறப்பாளும் மரமும் இல்லாத வெளியில், பிளாஷ் இல்லாமல். செம்பியோடு நல்ல கோழி ஒன்றும் ஒரே படத்தில் நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடுதாசி வையுங்கள். முகம் பக்கவாட்டில் தெரிய அடுத்தடுத்து 5. போனில் அழகாக்குகிற வசதி ஏதும் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது வெளிறிய முகத்துக்கும் சிவப்புப் பூசிவிடும். பகல் 1 மணிக்கு நிற்கிற கோலத்தை மட்டும் மகளே எடுக்கட்டும், முன்போலவே விறாந்தையில் இருந்து, செம்பிக்குத் தெரியாமல்.